8.40-க்கு வரச் சொல்லிவிட்டு 9 மணியிலிருந்து சம்பளம் போடலாமா?

ஐயா, நான் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் வேலை பார்க்கிறேன். வாரம் 6 நாள், காலை 9 முதல் மாலை 6 வரை ஷிஃப்ட், நடுவே ஒரு மணி நேரம் இடைவேளை. ஆனால் தினமும் 8.40-க்கே பிரீஃபிங் என்று நிற்க வைக்கிறார்கள். மாதத்தில் இரண்டு நாள் ஷிஃப்ட் முடிந்த பிறகு 6 முதல் 8 வரை கட்டாயப் பயிற்சி. இரண்டுக்கும் சம்பளம் கிடையாது. கேட்டால், "லாகின் செய்ததிலிருந்துதான் வேலை நேரம், பயிற்சி உங்கள் வளர்ச்சிக்குத்தானே" என்கிறார்கள். டீம் லீடர் ஆக விரும்புகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஒரு வகுப்பும் உண்டு. அதற்கு யாரையும் வற்புறுத்துவதில்லை. இதெல்லாம் வேலை நேரமா? பணம் கேட்க முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பிரீஃபிங்கும் மாலைப் பயிற்சியும் வேலை நேரம்தான். ஞாயிறு வகுப்பு, நீங்கள் சொல்வது போலவே நடக்கிறதென்றால், பெரும்பாலும் வேலை நேரம் ஆகாது. பணம் கேட்க முடியுமா என்பதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். "இது வேலை நேரமா?" என்பது ஒரு கேள்வி, "இதற்குத் தனியாகப் பணம் தர வேண்டுமா?" என்பது வேறு கேள்வி. என்னிடம் வருகிறவர்களில் பலர் முதல் கேள்வியில் ஜெயித்ததுமே இரண்டாவதிலும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

முதலில் வேலை நேரம். உங்கள் நிறுவனம் லாகினை அளவுகோலாக வைக்கிறது. சட்டம் வைக்கும் அளவுகோல் அது இல்லை. வணிக நிறுவனங்களிலும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்காக சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1930-ல் கொண்டுவந்த 30-ஆம் எண் உடன்படிக்கை, ஊழியர் முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரமே வேலை நேரம் என்கிறது. மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டமும் சிங்கப்பூரின் வேலைவாய்ப்புச் சட்டமும் இதை இன்னும் தெளிவாகச் சொல்கின்றன: ஊழியர் முதலாளியின் வசத்தில் இருந்து, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம். கணினியைத் திறந்தாரா, முதல் அழைப்பை எடுத்தாரா என்ற பேச்சே அதில் இல்லை.

8.40-க்கு நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று இதை வைத்துப் பாருங்கள். நினைத்தால் கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வர முடியுமா? 8.55-க்கு வந்தால் யாராவது பெயரைக் குறித்துக்கொள்கிறார்களா? பிரீஃபிங்கில் என்ன சொல்கிறார்கள்? நேற்றிரவு எந்தச் சேவை முடங்கியது, புகார் வந்தால் என்ன பதில் சொல்வது, எந்தச் சலுகை இன்றோடு முடிகிறது. 9.01-க்கு வரும் முதல் அழைப்பிலேயே இதெல்லாம் உங்களுக்குத் தேவைப்படும். அப்படியென்றால் அந்த 20 நிமிடம் வேலைக்குக் காத்திருந்த நேரம் இல்லை, வேலையின் முதல் பகுதி. அதே 8.40-க்கு, பேருந்து சீக்கிரம் வந்துவிட்டதால் நீங்களாகவே வந்து உட்கார்ந்து தோழியோடு பேசிக்கொண்டிருந்தால் அது உங்கள் சொந்த நேரம். கட்டடத்துக்குள் இருந்தீர்கள் என்பது மட்டும் போதாது.

பயிற்சிக்கு வருவோம். "உங்கள் வளர்ச்சிக்குத்தானே" என்ற வாதத்தை எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறேன். அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் இதற்கு ஒரு நல்ல சோதனை வைத்திருக்கின்றன. ஒரு பயிற்சியை வேலை நேரத்தில் சேர்க்காமல் விட வேண்டுமானால் நான்கு நிபந்தனைகளும் ஒன்றாக நிறைவேற வேண்டும். பயிற்சி வழக்கமான வேலை நேரத்துக்கு வெளியே நடக்க வேண்டும்; உண்மையிலேயே ஊழியரின் விருப்பப்படி நடக்க வேண்டும்; அவர் இப்போது பார்க்கும் வேலையோடு நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது; பயிற்சியின்போது அவர் நிறுவனத்துக்கு வேறு வேலை எதுவும் செய்யக் கூடாது. ஒன்று தவறினாலும் அது வேலை நேரம். உங்கள் மாலைப் பயிற்சி முதல் நிபந்தனையில் தேறும், ஒருவேளை நான்காவதிலும் தேறும். இரண்டாவதும் மூன்றாவதும் இடிக்கின்றன: வந்தே ஆக வேண்டும், சொல்லித் தருவதும் மறுநாள் நீங்கள் செய்யப்போகும் அதே வேலை.

"விருப்பம்" என்ற சொல்லில்தான் விளையாட்டு நடக்கும். சில இடங்களில் பயிற்சி அறிவிப்பில் "விருப்பமுள்ளவர்கள் கலந்துகொள்ளலாம்" என்றே போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் டீம் லீடர் குழுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும்: "இன்று பயிற்சிக்கு வராதவர்கள் காரணத்தை எனக்குத் தனியாக அனுப்பவும்." அந்த ஒற்றை வரி போதும், விருப்பம் போய்விட்டது. அமெரிக்க விதியும் இதைத்தான் பார்க்கிறது. நேரடியாக உத்தரவு போட்டிருக்க வேண்டும் என்று இல்லை. வராவிட்டால் வேலைக்கோ வேலைச் சூழலுக்கோ பாதகம் வரும் என்று ஊழியர் நினைக்கும்படி நடந்துகொண்டிருந்தாலே அது விருப்பம் ஆகாது. நல்ல ஷிஃப்ட் கிடைக்காது, ஊக்கத்தொகைப் புள்ளி குறையும் என்பதெல்லாம் இதற்குள் வரும்.

ஞாயிறு வகுப்பைப் பெரும்பாலும் வேலை நேரம் ஆகாது என்று நான் சொன்னதும் இதே சோதனையை வைத்துத்தான். நீங்கள் போகாததால் எதுவும் நடக்கவில்லை, சொல்லித் தருவதும் இன்றைய வேலைக்கு இல்லை, நாளை கிடைக்கக்கூடிய வேறொரு பதவிக்கு. ஆனால் அங்கே போகாதவர்களுக்கு இப்போதைய வேலையிலேயே மதிப்பெண் குறைகிறது என்று தெரியவந்தால் என் பதில் மாறிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 அக்டோபரில் வந்த ஒரு தீர்ப்பும் உங்களுக்குப் பயன்படும். ருமேனியாவில் ஓர் உள்ளாட்சி அமைப்பின் ஊழியரை, அவருடைய வழக்கமான நேரத்துக்கும் இடத்துக்கும் வெளியே நடந்த பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே அவர் தன் அன்றாட வேலையைச் செய்யவில்லை. பயிற்சியை நடத்தியதும் வேறொரு நிறுவனம். முதலாளி போகச் சொன்ன இடத்தில், அவர் சொன்னபடி இருந்தார் என்பதால் அது வேலை நேரமே என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் சொன்னது. அதற்கு முன்பே 2019-ல் வந்த ஓர் ஐரோப்பிய உத்தரவு, வேலைக்குத் தேவையான பயிற்சியைத் தர வேண்டும் என்று சட்டமோ கூட்டு ஒப்பந்தமோ முதலாளியைக் கட்டாயப்படுத்தினால், அது இலவசமாகவும் வேலை நேரமாகவும் இருக்க வேண்டும் என்கிறது. முதலாளியே தன் விருப்பத்துக்கு வைக்கும் எல்லாப் பயிற்சியும் அந்த உத்தரவுக்குள் வந்துவிடாது. அங்கே மேலே சொன்ன தீர்ப்புதான் கை கொடுக்கும்.

சரி, உங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞர் என்ன சொல்வார்? இரண்டு வாதங்களை எதிர்பாருங்கள். ஒன்று, "இது சில நிமிட விஷயம், இதையெல்லாம் கணக்கு வைக்க முடியுமா?" மிக அற்பமான, பதிவு செய்யவே சிரமமான நேரத்தை விட்டுவிடலாம் என்று அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளில் உண்மையிலேயே ஓர் இடம் இருக்கிறது. 1984-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், ஷிஃப்டுக்கு முன் பதிவேட்டைப் படித்து, முந்தைய ஷிஃப்ட் ஆட்களோடு தகவல் பரிமாறிக்கொண்ட ஏழெட்டு நிமிடங்களுக்குப் பணம் இல்லை என்றும் சொல்லியிருக்கிறது. ஆனால் அங்கே யார் எத்தனை நிமிடம் அதில் செலவிட்டார் என்று கண்காணிப்பதே சிரமமாக இருந்தது. அந்த நீதிமன்றமே மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொன்னது: பதிவு செய்வது எவ்வளவு சிரமம், மொத்தமாகச் சேர்ந்தால் எவ்வளவு நேரம், எவ்வளவு தவறாமல் நடக்கிறது. உங்கள் பிரீஃபிங் தினமும், ஒரே நேரத்தில், நிறுவனமே குறித்த 20 நிமிடம். அதை எழுதி வைக்க ஒரு பேனா போதும்.

கலிஃபோர்னிய மாநிலச் சட்டம் இன்னும் கறாராக இருக்கிறது. ஒரு காபிக் கடைத் தொடரின் ஊழியர், வேலை முடிந்ததாகப் பதிவு செய்த பிறகும் கணக்கை மூடுவது, அலாரம் வைப்பது, கதவைப் பூட்டுவது என்று தினமும் சில நிமிடம் வேலை செய்துவந்தார். 17 மாதத்தில் அது ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம், அன்றைய குறைந்தபட்சக் கூலியில் 102 டாலர் 67 சென்ட். வழக்கமாக நடக்கும் இந்த நேரத்தை அற்பம் என்று தள்ள முடியாது என்று அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 2018-ல் சொன்னது. உங்களுக்கு ஒரே மாதத்தில் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் போகிறது; கணக்கைக் கீழே பார்க்கலாம்.

இரண்டாவது வாதம் கொஞ்சம் வலுவானது. கட்டாயம் என்பதாலேயே எல்லாமே சம்பள நேரம் ஆகிவிடாது என்பார்கள். கிடங்கு ஊழியர்கள் வேலை முடிந்து வெளியேறும்போது சோதனை வரிசையில் நின்ற நேரத்துக்கு, சுமார் 25 நிமிடம் என்று அவர்கள் சொன்னார்கள், பணம் இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்தது. பொருளை எடுத்துக் கட்டி அனுப்புவதுதான் அவர்கள் வேலை. சோதனை வரிசை இல்லாமலும் அதைச் செய்துவிட முடியும் என்பது காரணம். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை, ஆனால் அது இருக்கிறது. உங்கள் விஷயம் வேறு: புதிய விலையும் புதிய பதிலும் தெரியாமல் நீங்கள் அழைப்பை எடுக்கவே முடியாது. அதனால்தான் பிரீஃபிங்கில் என்ன சொன்னார்கள் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன். பத்து நிமிடம் உற்சாகப் பேச்சும் கைதட்டலும் மட்டும் நடந்தது என்றால் அமெரிக்கா போன்ற இடத்தில் வழக்கு சற்று பலவீனமாகிவிடும். வசத்தில் இருக்கும் நேரம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கும் நாடுகளில் அந்தச் சிக்கல் குறைவு.

இனி பணம். எண்களை எளிமையாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 20 நிமிடம், 24 வேலை நாள் என்றால் 480 நிமிடம், அதாவது 8 மணி நேரம். பிரீஃபிங்கிலேயே மாதத்துக்கு ஒரு முழு ஷிஃப்ட் போய்விடுகிறது. மாலைப் பயிற்சி 4 மணி நேரம். மொத்தம் 12. சம்பளச் சீட்டின் கணக்கில் நீங்கள் மாதம் 192 மணி நேரம் வேலை செய்கிறீர்கள், உண்மையில் 204. சம்பளம் 19,200 என்று வையுங்கள், எந்த நாட்டுப் பணமாக இருந்தாலும் சரி. ஒப்பந்தப்படி மணிக்கு 100. உண்மையான நேரத்தால் வகுத்தால் 94 சொச்சம்.

இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. உங்கள் ஊரில் மணிக்கான குறைந்தபட்சக் கூலி 95 என்று இருந்தால், சம்பளச் சீட்டில் 100 என்று தெரிந்தாலும் நிறுவனம் அந்த வரம்புக்குக் கீழே போய்விட்டது. பிரிட்டன் போன்ற நாடுகளில் குறைந்தபட்சக் கூலியை இப்படி உண்மையான நேரத்தால் வகுத்துத்தான் பார்க்கிறார்கள், அதில் பயிற்சி நேரமும் சேரும். குறைந்தபட்சக் கூலி 80 என்றால் இந்த வழியில் உங்களுக்கு எதுவும் கிடைக்காது. சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்: வேலை நேரம் என்று நிரூபித்தும் அந்த வழியில் காசு வராது.

அடுத்த வழி ஓவர்டைம். வாரம் 6 நாள், நாளுக்கு 8 மணி என்று நீங்கள் ஏற்கெனவே 48 மணி நேரத்தை எட்டிவிட்டீர்கள். பல நாடுகளில் வாரத்துக்கான உச்சவரம்பே அதுதான், சில இடங்களில் அதைவிடக் குறைவு. பிரீஃபிங் வாரத்துக்கு 2 மணி நேரம் என்பதால் ஒவ்வொரு வாரமும் 50 ஆகிறது, பயிற்சி இருக்கும் வாரத்தில் இன்னும் மேலே போகிறது. அதனால் உங்கள் 12 மணி நேரமும் வரம்புக்கு மேல் விழுகிறது. சட்டம் ஒன்றரை மடங்கு தரச் சொன்னால், மணிக்கு 150 வீதம் மாதம் 1,800. அமெரிக்கா, மலேசியா, சிங்கப்பூரில் இந்த விகிதம்தான். இந்தியத் தொழிற்சாலைகளில் போல இருமடங்கு என்றால் 2,400. இதில் ஒரு நிபந்தனை உண்டு: நீங்கள் ஓவர்டைம் விதிக்குள் வரும் ஊழியராக இருக்க வேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களையும், சில நாடுகளில் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குகிறவர்களையும் அந்த விதி விட்டுவிடுகிறது. ஆனால் பதவிப் பெயரில் "எக்ஸிகியூட்டிவ்" என்று இருப்பதால் மட்டும் நீங்கள் நிர்வாகி ஆகிவிட மாட்டீர்கள். நாள் முழுக்க என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

உங்கள் நியமனக் கடிதத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். "தேவைப்படும் கூடுதல் நேரத்துக்கான ஊதியம் இந்தச் சம்பளத்திலேயே அடங்கும்" என்று ஒரு வரி எங்காவது ஒளிந்திருக்கலாம். சட்டம் கொடுத்த குறைந்தபட்சக் கூலியையும் ஓவர்டைமையும் அப்படி ஒரு வரியால் பொதுவாகப் பறித்துவிட முடியாது. ஆனால் நீங்கள் அந்த விதிகளுக்கு வெளியே இருப்பவர் என்றால், மிஞ்சுவது ஒப்பந்தம் மட்டும்தான். அப்போது அந்த வரி உங்களைக் கட்டிப்போடும்.

ஆதாரம் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் வழக்குகள் நிற்பதும் விழுவதும் அதில்தான். "எங்கள் பதிவில் 9 மணிக்குத்தானே லாகின் இருக்கிறது" என்பார்கள். முதலாளி சரியாகப் பதிவு வைக்காவிட்டால் அதன் பாரத்தை ஊழியர் தலையில் கட்டக் கூடாது, அவர் நியாயமான ஓர் அனுமானத்துக்கு இடம் தரும் அளவுக்குக் காட்டினால் போதும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946-லேயே சொல்லிவிட்டது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2019-ல், அன்றாட வேலை நேரத்தை நம்பகமாக அளக்கும் ஏற்பாட்டை முதலாளிதான் வைக்க வேண்டும் என்றது. ஆகவே ஒரு சின்ன நோட்டு போடுங்கள். தேதி, பிரீஃபிங் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நடத்தியவர் யார், என்ன சொன்னார்கள்: நாளுக்கு ஒரு வரி, அன்றன்றே எழுத வேண்டும். மாதக் கடைசியில் உட்கார்ந்து ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் 24 வரி எழுதினால் எதிர்த்தரப்பு முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடும். நுழைவாயில் அட்டையின் பதிவு, வருகையைக் கேட்கும் வாட்ஸ்அப் செய்தி, பயிற்சிக்குப் பின் எழுதிய தேர்வின் நேரம் எல்லாம் துணைக்கு வரும். உங்களுக்கு வந்த செய்திகளைச் சேமியுங்கள். வாடிக்கையாளர் விவரம் தெரியும் திரையைப் படம் பிடிக்காதீர்கள். சம்பளம் கேட்கப் போன இடத்தில் தகவல் திருட்டுக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் நிலை வரும்.

அப்புறம், நாளையிலிருந்து 9 மணிக்குத்தான் வருவேன் என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள். அது உத்தரவை மீறியதாகப் பதிவாகிவிடும், பேச்சு சம்பளத்தை விட்டு ஒழுங்கு நடவடிக்கைக்குத் திரும்பிவிடும். போய்க்கொண்டே இருங்கள், எழுதிக்கொண்டே இருங்கள், எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். குற்றம் சாட்டாமல் கேள்வியாகவே எழுதலாம்: "தினமும் 8.40 பிரீஃபிங்கிலும், மாதம் இருமுறை 6 முதல் 8 வரையிலான பயிற்சியிலும் நான் கலந்துகொள்கிறேன். இந்த நேரம் வருகைப் பதிவில் எப்படிச் சேர்க்கப்படுகிறது, சம்பளத்தில் எந்தத் தலைப்பில் வருகிறது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்." "சேர்ப்பதில்லை" என்று எழுத்தில் பதில் வந்தால் அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. "வரவேண்டிய கட்டாயம் இல்லை" என்று வந்தால், அடுத்த நாள் வராதவர்களுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாலைந்து பேர் சேர்ந்து எழுதுவது தனியாக எழுதுவதைவிடப் பாதுகாப்பு. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையிலோ தொழிற்சங்கத்திலோ நோட்டோடு போய் உட்காருங்கள். ரொம்ப நாள் தள்ளிப் போடாதீர்கள், நிலுவை கேட்கக் காலவரம்பு உண்டு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் அது 2 ஆண்டு, தெரிந்தே மீறியிருந்தால் 3 ஆண்டு. தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பின்னால் இருந்து ஒரு மாதத்தை இழக்கிறீர்கள்.

இப்படி ஒரு மின்னஞ்சல் போனதும் பல நிறுவனங்கள் சத்தமில்லாமல் பிரீஃபிங்கை 9 மணிக்கு மாற்றிவிடும், அல்லது லாகினை 8.40-க்குக் கொண்டுவந்து ஷிஃப்டை 5.40-க்கு முடிக்கும். அது நியாயமான தீர்வுதான், ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அது இனி வரும் நாட்களுக்கு மட்டும். புதிய நேரத்தை ஒப்புக்கொள்வதாகக் கையெழுத்துக் கேட்டால், அந்தத் தாளில் "முந்தைய காலத்துக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். இருந்தால் அந்த வரியை நீக்கித் தரச் சொல்லி, பழைய நிலுவைக்குத் தனியாக ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.